டிக்கெட் காசு எப்போது வருமானம் ஆகும்? ஒரு கும்பகோணம் கச்சேரிக் கணக்கு

ஏப்ரல் 12-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில் நாகஸ்வரக் கச்சேரி வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் 300 ரூபாய். மார்ச் முதலே பாத்திரக் கடை ஒன்றிலும் யுபிஐ வழியாகவும் விற்கிறீர்கள், மார்ச் 31-க்குள் 200 டிக்கெட் போய்விட்டது. வங்கியில் 60,000 ரூபாய் இருக்கிறது, ஆனால் அது இன்னும் உங்கள் வருமானம் இல்லை. நாற்று நடும்போதே வியாபாரியிடம் நெல்லுக்கு அட்வான்ஸ் வாங்கினால் அவருக்கு நெல் பாக்கி. இங்கே 200 பேருக்குக் கச்சேரி பாக்கி.

முதலில் டேலியில் `Current Liabilities` என்ற குரூப்பின் கீழ் 'டிக்கெட் முன்பணம்' என்று ஒரு லெட்ஜர் திறங்கள். விற்பனைத் தொகை முழுவதும் அங்கேதான் போக வேண்டும்:

```
வங்கி  பற்று                60,000
   டிக்கெட் முன்பணம்  வரவு      60,000
```

முதல் வருடம் நான் இதை நேரே வருமானத்தில் போட்டேன். மார்ச் கணக்கில் லாபம் அமோகமாகத் தெரிந்தது, செலவெல்லாம் ஏப்ரலில் வந்ததால் அடுத்த வருடக் கணக்கு நஷ்டத்தில் தொடங்கியது. ஆடிட்டர் ஒரு மணி நேரம் திட்டினார். மண்டபத்துக்கு மார்ச்சிலேயே கொடுத்த 15,000 அட்வான்ஸுக்கும் இதே கதைதான். அதையும் செலவில் எழுதாமல் 'முன்கூட்டிக் கொடுத்த செலவு' என்று சொத்துப் பக்கம் வைத்திருங்கள், கச்சேரி அன்று செலவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஏப்ரலில் இன்னும் 120 டிக்கெட் விற்று 36,000 வருகிறது. எட்டுப் பேர் வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்குகிறார்கள். அந்த 2,400-ஐ முன்பண லெட்ஜரிலேயே கழியுங்கள், வருமானத்தைத் தொட வேண்டியதே இல்லை. மீதி 93,600, அதாவது 312 டிக்கெட். டிக்கெட் புத்தகத்தில் கிழித்த அடிக்கட்டைகளை எண்ணி, திரும்பி வந்தவற்றைக் கழித்து, 300-ஆல் பெருக்கினால் லெட்ஜர் பாக்கியோடு அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் கடையில் வசூலான ரொக்கம் ஏதோ பதிவாகவில்லை.

கச்சேரி முடிந்த அன்று:

```
டிக்கெட் முன்பணம்  பற்று     93,600
   கச்சேரி வருமானம்  வரவு       93,600
```

வந்தவர்கள் 290 பேர்தானே, மீதி 22 பேரின் காசை என்ன செய்வது? அதுவும் வருமானம்தான், ஏனென்றால் அவர்களுக்கான நாற்காலி காத்திருந்தது, வராதவர்களுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிறீர்கள். கச்சேரி ஜூனுக்குத் தள்ளிப்போனால் மட்டும் எதையும் மாற்றாதீர்கள், முன்பணம் முன்பணமாகவே கிடக்கட்டும். ரத்தானால் அதே லெட்ஜரிலிருந்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி. கச்சேரி நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை என்றால் விலக்கு உண்டு, அதனால் இந்த 300-க்குத் தொல்லை இல்லை. 500-ஐத் தாண்டி விற்று நீங்கள் ஜிஎஸ்டி பதிவும் வைத்திருந்தால், வரிப் பொறுப்பு பணம் கைக்கு வந்த மாதத்திலேயே வந்துவிடும், கச்சேரி நாள் வரை காத்திருக்காது. ஆகவே வரிப் பங்கைத் தனி லெட்ஜரில் பிரித்துவிட்டு மிச்சத்தை மட்டும் முன்பணத்தில் வையுங்கள்.