உதரவிதானத்தின் மூன்று திறப்புகள்: பக்கவாட்டில் வரைந்து கற்போம்

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரைதான் உதரவிதானம். மூன்று பெரிய குழாய்கள் அதைக் கடக்கும் முள்ளெலும்பு மட்டங்களான 8, 10, 12 என்ற எண்களை, உடற்கூறியல் படிக்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எந்த எண்ணுக்கு எந்தக் குழாய் என்பதில்தான் குழப்பம் வருகிறது. உதரவிதானத்தைக் கீழிருந்து பார்த்து வரைந்த படங்களையே நாம் அதிகம் பார்ப்பது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவற்றில் மூன்று திறப்புகளும் ஒரே மட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். அதனால் இங்கே பக்கவாட்டுத் தோற்றத்தை வரையப் போகிறோம்.

படி 1: வளைவை வரையுங்கள்

தாளின் இடது ஓரத்தில் மார்பெலும்பையும், வலது ஓரத்தில் முதுகெலும்பையும் வரையுங்கள். முதுகெலும்பில் மார்புப் பகுதியின் 7ஆம் முள்ளெலும்பிலிருந்து இடுப்புப் பகுதியின் 3ஆம் முள்ளெலும்பு வரை எண்ணிட்டுக்கொள்ளுங்கள். இப்போது மார்பெலும்பின் கீழ்நுனியில் கோட்டைத் தொடங்கி, சற்றே மேலே ஏற்றி, பிறகு பின்பக்கமாக நீளமாகச் சரித்து இறக்குங்கள். முன்சரிவு குட்டை, பின்சரிவு நெட்டை. பின்சரிவின் முடிவில் உள்ள இரண்டு தசைக்கால்களில் வலது கால் இடுப்பின் 3ஆம் முள்ளெலும்பு வரையும், இடது கால் 2ஆம் முள்ளெலும்பு வரையும் பற்றியிருக்கும்.

படி 2: திறப்புகளைக் குறியுங்கள்

உச்சியிலிருந்து பின்சரிவு வழியே இறங்கி வாருங்கள். முதலில் வருவது கீழ்ப்பெருஞ்சிரையின் திறப்பு. மார்பின் 8ஆம் முள்ளெலும்பு மட்டத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் இருக்கிறது. அடுத்தது, 10ஆம் மட்டத்தில் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறமாக உணவுக்குழாயின் திறப்பு. இரண்டு வேகஸ் நரம்புத் தண்டுகளும் இதன் வழியாகவே வயிற்றுக்குள் போகின்றன. கடைசியாக, 12ஆம் மட்டத்தில் பெருந்தமனி. அதனுடன் மார்பு நிணநீர் நாளமும் செல்கிறது. முன்னால் இருப்பது மேலே, பின்னால் இருப்பது கீழே: சரிவைச் சரியாக வரைந்துவிட்டால் எண்களின் வரிசை தானாகவே அமைந்துவிடும்.

இந்த மட்டங்கள் சராசரி அளவுகளே. மூச்சுக்கும் உடல் நிலைக்கும் ஏற்ப உதரவிதானம் மேலும் கீழும் நகர்வதால், ஸ்கேன் படத்தில் ஒரு முள்ளெலும்பு அளவு மாறித் தெரிந்தால் திகைக்க வேண்டாம்.

படி 3: ஓரங்களுக்கு நிறம் தீட்டுங்கள்

மூன்று திறப்புகளின் ஓரங்களும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. சிரையின் திறப்பு, தசையில் அல்லாமல் நடுவிலுள்ள தசைநாண் பகுதியில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது சுற்றியுள்ள தசை தசைநாணை நாற்புறமும் இழுப்பதால் திறப்பு விரிகிறது. இதயத்துக்கு இரத்தம் எளிதாக ஏறுகிறது. உணவுக்குழாயைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் வலது தசைக்காலின் இழைகள். அவை சுருங்கும்போது திறப்பு இறுகி, இரைப்பை அமிலம் மேலே வராமல் தடுக்க உதவுகிறது. பெருந்தமனியோ உதரவிதானத்தைத் துளைப்பதே இல்லை. இரு கால்களும் சேரும் நார்வளைவுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி நழுவிச் செல்கிறது. எனவே மூச்சிழுப்பு அதை நெரிப்பதில்லை.

படி 4: நரம்பை இணையுங்கள்

தசையை இயக்குவது பிரெனிக் நரம்பு மட்டுமே. வலப்பாதிக்கு ஒன்று, இடப்பாதிக்கு ஒன்று. அது கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து, முக்கியமாக 4ஆம் நரம்பிலிருந்து, பிறக்கிறது. கருவில் உதரவிதானம் கழுத்து மட்டத்தில் உருவாகத் தொடங்கிப் பிறகு கீழே இறங்குவதால், நரம்பும் கூடவே நீண்டு வருகிறது. நடுப்பகுதியின் உணர்ச்சியையும் இதே நரம்புதான் சுமக்கிறது. ஓரப்பகுதியின் உணர்ச்சியைக் கீழ் விலாவிடை நரம்புகள் ஏற்கின்றன.

ஒரு பக்கத்துப் பிரெனிக் நரம்பு செயலிழந்தால், எக்ஸ்ரேயில் அந்தப் பாதி உயர்ந்து நிற்கும். வலப்பாதி இயல்பாகவே சற்று உயரமாக இருப்பதால், இடப்பாதி அதைவிட உயர்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும். அசையும் எக்ஸ்ரேயில் பார்த்தபடி மூக்கால் சட்டென்று உறிஞ்சச் சொன்னால், நல்ல பாதி கீழே இறங்கும். செயலிழந்த பாதி மேலே ஏறும்.

படத்தைப் பயன்படுத்திப் பார்ப்போம்

பைக்கிலிருந்து விழுந்து இடது கீழ் விலாவில் அடிபட்ட ஒருவர், இடது தோளின் உச்சியில் வலிக்கிறது என்கிறார். தோளை அழுத்தினாலும் கையைத் தூக்கினாலும் வலி கூடவில்லை; படுக்கவைத்தால் கூடுகிறது. மண்ணீரல் கிழிந்து கசிந்த இரத்தம், படுத்த நிலையில் உதரவிதானத்தின் அடிப்பரப்பில் தேங்கி உறுத்தலாம். அந்த உணர்ச்சி பிரெனிக் நரம்பு வழியே கழுத்துத் தண்டுவடத்தை அடைகிறது. தோள் உச்சித் தோலின் உணர்ச்சியும் 3, 4ஆம் கழுத்து நரம்புகள் வழியே அங்கேதான் வந்து சேர்கிறது. மூளை இரண்டையும் பிரித்தறியாமல் தோளையே குற்றம் சாட்டுகிறது. உறுத்தல் உதரவிதானத்தின் ஓரத்தில் இருந்திருந்தால், வலி விலாப்புறத்திலோ வயிற்றுச் சுவரிலோ தெரிந்திருக்கும். இவருக்குத் தோள் எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடாமல், உடனே வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.