நாளிதழ் ஆசிரியருக்குப் பேருந்துக் கடிதம்: பத்தாம் வகுப்பு மாதிரி விடை, படிப்படியாக

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ஐந்து மதிப்பெண் கடிதமாக இப்படி ஒரு வினா வரலாம்:

“வளர்ந்து வரும் உங்கள் நகரில் போதிய பேருந்து வசதி இல்லாததால் மக்கள் படும் இன்னல்களைச் சுட்டிக்காட்டி, நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுக.”

இந்த வினாவுக்கு மாணவர்கள் எழுதும் விடைகளைப் பல வருடமாகத் திருத்தி வருகிறேன். பெரும்பாலான விடைகளில் அமைப்பு சரியாக இருக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள் எல்லாம் இருக்கும். உள்ளே போனால், “ஆகவே எங்கள் பகுதிக்குப் பேருந்து வசதி செய்து தருமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று ஆசிரியரிடம் கேட்டிருப்பார்கள். பத்திரிகை ஆசிரியர் எங்கே போய்ப் பேருந்து விடுவார்? அவரிடம் இருப்பது தாளும் அச்சும்தான். விண்ணப்பத்துக்கும் ஆசிரியர் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதல் படி: யாரிடம் என்ன கேட்கிறோம்?

எழுதத் தொடங்கும் முன் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடம் கேட்பது: கடிதத்தை வெளியிட வேண்டும்.
போக்குவரத்து அதிகாரிகளிடம் கேட்பது: இன்ன பேருந்து நடையை இன்ன நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது கோரிக்கையைக் கடிதத்தின் நடுவில், செய்தித்தாளைப் படிக்கப்போகும் அதிகாரிகளுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். முதல் கோரிக்கையைக் கடைசிப் பத்தியில் ஆசிரியரிடம் நேராகச் சொல்ல வேண்டும். இதே வினாவில் “போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு விண்ணப்பம் எழுதுக” என்றிருந்தால் இந்த இரட்டை வேலை கிடையாது. அவரிடமே நேராகக் கேட்டுவிடலாம். அதனால் வினாவில் யாருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: ஒரு நிறுத்தம், ஒரு காலைப் பொழுது

“எங்கள் ஊரில் பேருந்து வசதி இல்லை. மக்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள்.” இந்த இரண்டு வாக்கியங்களை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். படிக்கிறவர் மனத்தில் எதுவும் நிற்காது.

ஒருமுறை ஒரு மாணவி இந்த இரண்டு வரியை மட்டும் எழுதிவிட்டு அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். “நீ காலையில் எப்படிம்மா வருகிறாய்?” என்று கேட்டேன். “ஏழே முக்கால் வண்டிய விட்டா அடுத்தது ஒன்பதுக்கு மேலதான் ஐயா. அதுல வந்தா முதல் பீரியட் போயிடும். அதனால படிக்கட்டுல நின்னாவது ஏழே முக்காலுக்கே வந்துடுவேன்” என்றாள். கடிதத்துக்கு வேண்டிய எல்லாம் அந்தப் பதிலில் இருந்தது. நேரம், இடைவெளி, விளைவு மூன்றையும் வாயால் சொன்னவள் தாளில் மட்டும் எழுதவில்லை. சொன்னதை அப்படியே எழுத்துத் தமிழில் மாற்றி எழுதச் சொன்னேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் நிறுத்தத்தில் காலையில் எத்தனை மணிக்கு வண்டி, அதை விட்டால் அடுத்தது எப்போது, அந்த இடைவெளியில் யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்ற மூன்றும் போதும். தேர்வில் சொந்த விவரம்தான் எழுத வேண்டும் என்பதில்லை, கற்பனையாகவும் அமைக்கலாம். ஆனால் கணக்கு ஒத்துப்போக வேண்டும். பள்ளி ஒன்பது மணிக்கு என்று எழுதிவிட்டு எட்டரை மணிப் பேருந்தால் தாமதம் என்று எழுதினால், பயணம் எவ்வளவு நேரம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் படி: ‘வளர்ந்து வரும் நகர்’ என்ற சொல்லை விடாதீர்கள்

வினாவில் இந்தச் சொல் சும்மா வரவில்லை. பேருந்தே இல்லாத குக்கிராமத்தின் சிக்கல் வேறு. வளரும் நகரில் பேருந்து இருக்கும், ஆனால் ஊர் அதைத் தாண்டிப் போயிருக்கும். சில வருடங்களுக்கு முன் கடைசி நிறுத்தம் இருந்த இடத்தோடு அன்றைய ஊரும் முடிந்திருக்கும். இன்று அதற்கும் அப்பால் மனைகள் பிரித்து வீடுகள் வந்துவிட்டன. தடம் மட்டும் பழைய நிறுத்தத்திலேயே திரும்பிவிடுகிறது. இறங்கியவர்கள் மிச்சத் தூரத்தை நடக்கிறார்கள், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ பிடிக்கிறார்கள்.

மாதிரிக்கு ஓசூரை எடுத்துக்கொள்கிறேன். சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர், 2019இல் மாநகராட்சி ஆனது. இந்த ஒரு வரியே ‘வளர்ந்து வரும்’ என்பதற்குச் சான்றாகிவிடும். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு வரி இருக்கும்: புதிய தொழிற்பேட்டை, புதிய கல்லூரி, பேரூராட்சி நகராட்சியானது என்று ஏதாவது ஒன்று. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மக்கள்தொகை எண்ணிக்கையைக் குத்துமதிப்பாக எழுத வேண்டாம்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. மாணவர்களின் இலவசப் பயண அட்டை அரசுப் பேருந்தில்தான் செல்லும், தனியார் வண்டியிலோ ஷேர் ஆட்டோவிலோ செல்லாது. 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். அதனால் ஒரு சாதாரண நகரப் பேருந்து வராவிட்டால் அதை நம்பியிருப்பவருக்கு நேரத்தோடு கைக்காசும் போகிறது. இதை ஒரு வாக்கியத்தில் சொன்னாலே கடிதம் கனம் பெற்றுவிடும்.

நான்காம் படி: செய்யக்கூடியதைக் கேளுங்கள்

“அதிகப் பேருந்துகளை இயக்க வேண்டும்” என்று கேட்டால் அதற்குப் புது வண்டி, ஓட்டுநர், நடத்துநர் எல்லாம் வேண்டும் என்று பதில் சொல்லிவிடலாம். இருக்கிற நடையின் நேரத்தை மாற்றுவதும், தடத்தை அடுத்த நிறுத்தம் வரை நீட்டுவதும் அதைவிட எளியவை. அப்படி இரண்டு கோரிக்கை போதும். ஆறு கோரிக்கை எழுதினால் ஒன்றும் மனத்தில் நிற்காது.

சரி, இப்போது முழுக் கடிதம். குறிஞ்சி நகர், பேருந்து நேரங்கள், நிறுத்தம் எல்லாம் பயிற்சிக்காக நான் அமைத்தவை. தேர்வில் உங்கள் சொந்தப் பெயரையும் பள்ளியையும் எழுதக்கூடாது. வினாவில் பெயரும் முகவரியும் கொடுத்திருந்தால் அவற்றையே எழுதுங்கள், இல்லையென்றால் கீழே உள்ளதுபோல் எழுத்துகளை இட்டுக்கொள்ளுங்கள்.

மாதிரி விடை

அனுப்புநர்
அ அ அ அ,
12, இரண்டாம் தெரு,
குறிஞ்சி நகர்,
ஓசூர்.

பெறுநர்
ஆசிரியர் அவர்கள்,
ஆ ஆ ஆ நாளிதழ்,
சேலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: ஓசூர் குறிஞ்சி நகருக்குப் போதிய பேருந்து வசதி இல்லாமை குறித்த கடிதத்தை வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். தொழில் வளர்ச்சியால் விரிவடைந்து 2019ஆம் ஆண்டு மாநகராட்சியான எங்கள் ஓசூரில், நகரின் எல்லையை ஒட்டிப் புதிய குடியிருப்புகள் பல உருவாகியுள்ளன. அவற்றுள் ஒன்றான குறிஞ்சி நகரில் நான் வசிக்கிறேன். வீடுகள் பெருகிய அளவுக்கு இங்குப் பேருந்து வசதி பெருகவில்லை.

காலையில் 7.45 மணிக்கு ஒரு நகரப் பேருந்து வருகிறது. அதற்கு அடுத்த பேருந்து 9.10 மணிக்குத்தான் வருகிறது. பள்ளி 9.15 மணிக்குத் தொடங்குகிறது. பயணத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆகவே மாணவர்கள், தொழிலாளர்கள், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர்கள் என அனைவரும் ஒரே பேருந்தில் ஏற வேண்டியுள்ளது. இடமின்றி மாணவர்கள் படிக்கட்டில் நின்று பயணம் செய்கிறார்கள். மேலும், பேருந்துகள் குடியிருப்புக்குள் வராமல் முதன்மைச் சாலையிலேயே திரும்பிவிடுவதால், மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து வரும் மாணவிகள் விளக்கில்லாத சாலையில் ஒரு கிலோமீட்டர் நடக்கிறார்கள். இலவசப் பயண அட்டை இருந்தும் பல நாள் ஷேர் ஆட்டோவுக்குப் பணம் கொடுக்க நேர்கிறது.

9.10 மணிப் பேருந்தை 8.20 மணிக்கு இயக்கினால் காலை நெரிசல் பாதியாகக் குறையும். மாலை 6 மணிப் பேருந்தைக் குடியிருப்பின் பூங்கா வரை நீட்டித்தால் மாணவிகள் பாதுகாப்பாக வீடு சேர்வார்கள். போக்குவரத்துக் கழக அதிகாரிகள் இவ்விரண்டையும் கருத்தில் கொண்டு ஆவன செய்ய வேண்டும்.

எங்கள் பகுதி மக்களின் இந்நிலை உரியவர்களின் பார்வைக்குச் செல்லும் வகையில், இக்கடிதத்தைத் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ அ அ அ.

இடம்: ஓசூர்
நாள்: (தேர்வு நாள்)

உறைமேல் முகவரி
பெறுநர்
ஆசிரியர் அவர்கள்,
ஆ ஆ ஆ நாளிதழ்,
சேலம்.

ஐந்தாம் படி: எழுதி முடித்ததும் பார்க்க வேண்டியவை

உறைமேல் முகவரியை ஒரு கட்டம் போட்டு அதற்குள் எழுதுங்கள். நேரம் போய்விட்டது என்று பலர் விட்டுவிடும் பகுதி இதுதான்.

அப்புறம் எழுத்துப்பிழை. ‘அனுப்புனர்’, ‘பெறுனர்’ என்று எழுதினால் தவறு. ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று ‘ந’ வர வேண்டும்; ஓட்டுநர், நடத்துநர் என்பவையும் அப்படியே. இந்தக் கடிதத்தில் நான்கு சொற்களும் வர வாய்ப்பிருப்பதால் ஒரு பிழை நான்காகப் பெருகிவிடும்.

பன்மையில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். ‘பேருந்துகள் குறைவாக இயக்கப்படுகிறது’ என்பது பேச்சில் ஓடிவிடும். தாளில் ‘பேருந்துகள் குறைவாக இயக்கப்படுகின்றன’ என்றுதான் வர வேண்டும். ‘மாணவர்கள்’ என்று தொடங்கினால் ‘செல்கிறார்கள்’ என்று முடியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முதலில் வரும் பெயரையும் கடைசியில் வரும் வினையையும் மட்டும் சேர்த்துப் படித்துப் பார்த்தால் பிழை உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக மாதிரி விடையின் இரண்டாம் பத்தியை மட்டும் மூடி வைத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் நிறுத்தத்தின் நேரங்களைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். மூன்றாம் பத்தியின் கோரிக்கைகளும் அதற்கேற்ப மாறியாக வேண்டும். உங்கள் ஊரில் காலை வண்டி சரியாக வந்து, இரவுக் கடைசி வண்டிதான் சிக்கல் என்றால், 8.20 மணிக் கோரிக்கைக்கு அங்கே வேலையே இல்லை. மனப்பாடம் செய்தவர்கள் அதை அப்படியே விட்டுவைத்திருப்பார்கள். திருத்தும்போது அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.