சான்றிதழ்களில் பிறந்த தேதியும் அப்பா பெயரும் ஒத்துப்போகவில்லையா? எங்கிருந்து தொடங்குவது?

சான்றிதழில் தப்பு என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது நோட்டரி வக்கீலிடம்தான். அங்கே முதலில் போக வேண்டியதில்லை. அஃபிடவிட் எந்தச் சான்றிதழையும் திருத்தாது. ‘இப்படி ஒரு முரண் இருக்கிறது, சரியானது இது’ என்று நீங்கள் சத்தியம் செய்து சொல்லும் விளக்கம், அவ்வளவுதான். திருத்தும் அதிகாரம் அந்தச் சான்றிதழைக் கொடுத்தவரிடம்தான் இருக்கிறது.

என் அத்தை மகள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அவள் பிறந்த தேதி 12.06.1998. பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலிலோ 06.12.1998. நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. போதாக்குறைக்கு அப்பா பெயர் பல்கலைக்கழகத் தாள்களில் ‘முருகேசன்’, பள்ளி டி.சி.யில் ‘முருகேஷ்’. வேலையில் சேரப் போன இடத்தில் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள்.

படி 1: தப்பு எங்கே பிறந்தது என்று பாருங்கள்

ஒரு தாளில் கட்டம் போட்டு, பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி., பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரித் தாள்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் உள்ளதை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். இனிஷியலும் முக்கியம். பிறகு படித்த பள்ளிக்குப் போய், சேர்க்கைப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளித் தாள்களுக்கெல்லாம் மூலம் அந்தப் பதிவேடுதான்.

எங்கள் விஷயத்தில் பதிவேட்டில் ‘முருகேசன்’ என்றே இருந்தது. டி.சி. எழுதியவர் கைதவறி எழுதியிருக்கிறார். இது சின்ன வேலை. விண்ணப்பமும் பழைய டி.சி.யும் கொடுத்தோம், பதிவேட்டைப் பார்த்துத் தலைமை ஆசிரியர் சரியான டி.சி. கொடுத்தார்.

பதிவேடு சரி, ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழே தப்பு என்றால், தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவேட்டின் சான்றிட்ட நகல் கட்டாயம் வேண்டும்.

பதிவேட்டிலேயே பிறந்த தேதி தப்பு என்றால் கதை வேறு. அது எழுத்துப்பிழை அல்ல, தேதி மாற்றம். அதற்கு அஃபிடவிட் செல்லாது. பிறப்புச் சான்றிதழை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, சரியான தேதி இதுதான் என்று தீர்ப்பு வாங்கியாக வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியை மாற்ற, பணியில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

படி 2: அஃபிடவிட்

முத்திரைத்தாளை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். வாசகம் ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

“எனது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் (பதிவெண் ...) பிறந்த தேதி 12.06.1998 என உள்ளது. பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் (பதிவெண் ...) 06.12.1998 எனத் தவறாகப் பதிவாகியுள்ளது. எனது சரியான பிறந்த தேதி 12.06.1998. இரு ஆவணங்களும் என்னையே குறிப்பவை என்று உறுதி கூறுகிறேன்.”

பலர் கடைசி வரியை மட்டும் எழுதிவிடுகிறார்கள். ‘இரண்டும் நானே’ என்றால் எந்தத் தேதி சரி என்று அலுவலருக்கு எப்படித் தெரியும்? எங்கள் முதல் அஃபிடவிட் அப்படித்தான் திரும்பி வந்தது. நோட்டரி முன்னிலையில்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே போட்டு எடுத்துப் போகாதீர்கள். முத்திரைத்தாள் வாங்கிய தேதி, கையெழுத்திட்ட தேதிக்குப் பிந்தியதாக இருந்தாலும் சிக்கல்தான்.

படி 3: பல்கலைக்கழகம்

கல்லூரி முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பம். கூடவே அஃபிடவிட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல், டி.சி. நகல், கட்டண ரசீது, திருத்த வேண்டிய மூலத்தாள்கள். திருத்திய டி.சி. கைக்கு வந்த பிறகே இதைக் கொடுங்கள். பழையதை இணைத்தால் அப்பா பெயரைப் பற்றி அடுத்த கேள்வி கிளம்பும். மூலத்தாள்களை ஒப்படைக்கும்முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, எத்தனை தாள் கொடுத்தீர்கள் என்று எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நாங்கள் இரண்டாவது முறை சறுக்கினோம். தொகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கு மட்டும் விண்ணப்பித்தோம். அது சரியாகி வந்தது. ஆனால் ஆறு செமஸ்டர் தாள்களிலும் பழைய 06.12.1998 அப்படியே உட்கார்ந்திருந்தது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். தேதி அச்சாகியிருக்கும் ஒவ்வொரு தாளையும் முதல் விண்ணப்பத்திலேயே பட்டியலிடுங்கள். திருத்திய தாள்கள் வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல், படி 1-இல் போட்ட கட்டத்தை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.