தண்ணீர் ஓட்டத்துக்கு ஏற்ப குளோரின்: டோசிங் பம்பை பல்ஸில் ஓட்டுவது எப்படி?

ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு இரண்டு போர்வெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோட்டார் ஓடினால் நிமிடத்துக்கு 150 லிட்டர், இரண்டும் ஓடினால் 300 லிட்டர். இரண்டுக்கும் சேர்த்து, குளோரின் கரைசலைத் தள்ளும் டோசிங் பம்பை ஒரே வேகத்தில் விட்டால், ஒரு மோட்டார் நிற்கும்போது தண்ணீரில் குளோரின் இருமடங்காகிவிடும். குறிப்பிட்ட அளவு தண்ணீர் போகும்போதெல்லாம் வாட்டர் மீட்டர் தரும் பல்ஸ் என்ற சிக்னலைக் கொண்டு பம்பை ஓட்டினால் இந்தச் சிக்கல் இல்லை.

முதலில் மீட்டர். 10 லிட்டருக்கு ஒரு பல்ஸ் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். 1,000 லிட்டருக்கு ஒன்று என்றால், 150 லிட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய ஏழு நிமிடத்துக்கு ஒருமுறைதான் பல்ஸ் வரும். குளோரின் திட்டுத்திட்டாக விழும். மீட்டருக்குள் இருக்கும் ரீட் சுவிட்ச் வெறும் காண்டாக்ட்தான், அதற்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கக் கூடாது. பம்பின் பல்ஸ் இன்புட்டில் இரண்டு ஒயரையும் நேரடியாக மாட்டினால் போதும். மோட்டார் கேபிளோடு சேர்த்து இழுக்காதீர்கள், பொய்ப் பல்ஸ் வரும்.

அடுத்து கணக்கு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால், 10 லிட்டருக்கு 20 மில்லிகிராம். ஹைப்போ என்கிற குளோரின் மருந்தை 1 சதவீதமாகக் கரைத்திருந்தால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். ஆக, பல்ஸுக்கு 2 மில்லி. ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.5 மில்லி தள்ளும் பம்பில், ஒரு பல்ஸுக்கு 4 ஸ்ட்ரோக் என்று செட் செய்யுங்கள். முழு ஓட்டத்தில் நிமிடத்துக்கு 30 பல்ஸ், 120 ஸ்ட்ரோக். பம்பின் உச்ச வேகம் 180 என்றால் தாராளமாகத் தாங்கும்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த 0.5 மில்லி லைன் பிரஷருக்கு எதிராகவும் வருகிறதா? உறிஞ்சும் குழாயை அளவு ஜாடியில் விட்டு, லைன் ஓடும்போதே 100 ஸ்ட்ரோக் எண்ணிப் பாருங்கள். 50 மில்லி குறைய வேண்டும். 40 தான் குறைந்தால் தண்ணீருக்குப் போவது லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். ஸ்ட்ரோக் நீளத்தைக் கூட்டி, மறுபடி எண்ணுங்கள்.

பம்பில் பல்ஸ் மெமரி இருந்தால் அணைத்து வையுங்கள். அணைக்காவிட்டால், செய்து முடிக்காத பல்ஸுகளைச் சேர்த்துவைத்து, தண்ணீர் நின்ற பிறகும் குளோரின் தள்ளிக்கொண்டிருக்கும்.

அப்புறம், பம்ப் 'டக் டக்' என்று அடிப்பதை வைத்து மருந்து போகிறது என்று நம்பாதீர்கள். ஹைப்போவிலிருந்து வரும் வாயு பம்ப் தலையில் அடைத்தால், சத்தம் மட்டும்தான் வரும். பிளீட் வால்வைத் திறந்து காற்றை எடுக்க வேண்டும். பல்ஸுக்குத் தெரிவது ஓட்டம் மட்டுமே. வெயிலில் ஹைப்போ வீரியம் இழப்பதோ, தண்ணீரே குளோரினைக் குடித்துவிடுவதோ தெரியாது. அதனால் கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் டிபிடி மாத்திரை போட்டுத் தினமும் பாருங்கள். இந்தியத் தர அளவுப்படி அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் நிற்க வேண்டும். குறைந்தால் முதலில் ஜாடிச் சோதனை, அது சரியென்றால் கரைசலைப் புதிதாகக் கலக்குங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால்தான் 4 ஸ்ட்ரோக்கை 5 ஆக்க வேண்டும்.