ஷவர்ல தண்ணி நூலாட்டம் வந்துச்சு, கேஜ் வச்சி பார்த்தேன்

சுங்கை சிப்புட்ல எங்க வீடு பழைய லயத்து வீடு, கூரைத் தொட்டி இல்ல, எல்லாம் நேர் மெயின் தண்ணிதான். பக்கத்து வீட்டு அண்ணன் பம்ப் போட்டுரு தம்பின்னாரு. அதுக்கு முன்னாடி ஹார்ட்வேர் கடைல அரை இன்ச் அடாப்டரோட ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, டெஃப்லான் டேப் சுத்தி, வீட்டு பின்னாடி இருக்குற பைப்புல மாட்டினேன்.

எல்லா பைப்பையும் மூடி, டாய்லெட் தொட்டி ரொம்புற சத்தமும் நின்னப்புறம் பார்த்தா 42 பிஎஸ்ஐ, நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணி ஓடாதப்ப அடைப்பு இருந்தாலும் முள்ளு காட்டிக் கொடுக்காது, அதனால கேஜை அப்படியே விட்டுட்டு கிச்சன் பைப்பை முழுசா திறந்தேன், முள்ளு சடார்னு 9க்கு இறங்கிடுச்சு. அதே கேஜை மீட்டருக்கு பக்கத்துல இருக்குற பைப்புல மாட்டி, கிச்சன் பைப்பை திறந்து பார்த்தா 37லயே நிக்குது.

அப்போ ரோட்டு சப்ளை ஓகே, மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவுலதான் கோளாறு. அந்த பழைய இரும்பு பைப்பை அறுத்தா உள்ள துரு கட்டி சுண்டுவிரல் கூட நுழையல. பாலி பைப் மாத்தினப்புறம் பின்னாடி பைப்புல ஓடும்போதே 34. மீட்டர்கிட்டயே 10க்கு இறங்கியிருந்தா மட்டும் தண்ணி ஆபீசுக்கு போன் பண்ணியிருப்பேன்.