பால் வற்றவைக்கும்போது மூன்றாம் நாள் மடியைத் தொடாதீர்கள்

சினை பிடித்த மாட்டைக் கன்று போடும் நாள் வரை பீச்சிக்கொண்டே இருக்கக்கூடாது, இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு வேண்டும் என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதை எப்படி நிறுத்துவது என்பதில்தான் நான் ஒருமுறை ஒரு காம்பையே கெடுத்துக்கொண்டேன். வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பு, செவலை. அவளை இரண்டு ஈத்துக்கு வற்றவைத்த கதைதான் இது. முதல் தடவை தப்பு, இரண்டாம் தடவை சரி.

முதலில் தேதி. சினை ஊசி போட்ட நாளில் இருந்து சுமார் 280 நாளில் கன்று போடும், ஆக 220-ஆம் நாள் பாலை நிறுத்த வேண்டும். விரல் விட்டு எண்ண வேண்டாம், ஏழு மாதமும் ஒரு வாரமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவலைக்கு ஆகஸ்ட் 10-இல் ஊசி போட்டோம், மார்ச் 18-இல் நிறுத்தினோம், மே 17-ஐ ஒட்டிக் கன்று என்று கணக்கு. ஊசிச் சீட்டைத் தொலைத்தவர்கள், காளைக்கு விட்டவர்கள் எல்லாம் கால்நடை மருத்துவரை விட்டுச் சினையைப் பார்க்கச் சொல்லித்தான் தேதி கணக்குப் பண்ண வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது.

நிறுத்துவதற்குப் பத்து நாள் முன்பே கலப்புத் தீவனத்தையும் புண்ணாக்கையும் நிறுத்திவிட்டு, பசும்புல்லையும் பாதிக்கு மேல் குறைத்து, வயிறு நிறைய வைக்கோல் மட்டும் போட்டேன். அப்போது செவலை நாளைக்கு 6 லிட்டர் கறந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் நான்கரைக்கு வந்தது, அப்புறம் ஒரு வேளை மட்டும் பீச்சினேன், கடைசி நாள் 3 லிட்டர். இந்த நேரத்தில் தண்ணீரையும் குறைக்கச் சொல்வார்கள் ஊரில். நம்மூர் மார்ச் வெயிலில் அதைச் செய்யாதீர்கள், தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும், பால் தீவனத்தைக் குறைத்தாலே குறைந்துவிடும்.

கடைசிக் கறவை அன்று செய்வதுதான் முக்கியமான வேலை. நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணி மேல் விட்டுப் பாருங்கள், திரி திரியாக வந்தால் மடி நோய் இருக்கிறது என்று அர்த்தம், அதைக் குணப்படுத்திய பிறகுதான் வற்றவைக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் மடியில் சொட்டு இல்லாமல் பீச்சி எடுத்துவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வற்றுக்கால மருந்துக் குழலை காம்புக்கு ஒன்றாக நான்கு ஏற்ற வேண்டும். கறவை மாட்டுக்கு மடி நோய் வந்தால் போடும் குழல் வேறு, இது வேறு, கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், உறையைப் படித்து வாங்குங்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் காம்பு நுனியைத் துடைக்கும்போது அந்தப் பக்கத்துக் காம்பு இரண்டையும் முதலில் துடைத்துவிட்டு நம் பக்கத்துக்கு வாருங்கள், மருந்து ஏற்றும்போது நம் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். அப்போதுதான் துடைத்த காம்பில் நம் கை உரசாது. குழலின் மூக்கை முழுவதும் நுழைக்காதீர்கள், நுனி மட்டும் போதும், ஆழமாகக் குத்தினால் உள்தோல் கிழிந்து அதுவே நோய்க்கு வாசலாகிவிடும். பிறகு அயோடின் கரைசலில் காம்பை முக்கி எடுங்கள். இதற்குத் தெளிப்பானை விடச் சின்னக் கிண்ணம்தான் எனக்குப் பிடிக்கும், தெளித்தால் ஒரு பக்கம் மட்டும் நனையும். முடிந்ததும் வைக்கோல் போட்டு அரைமணி நேரம் நிற்க வையுங்கள், காம்புத் துளை மூடும் வரை சாணியில் படுக்கக் கூடாது.

சரி, இப்போது நான் விழுந்த குழி. மருந்து போட்ட இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மடி பானை மாதிரி வீங்கும். முதல் ஈத்தில் அதைப் பார்த்து அப்பத்தா, "பாவம்டா, கொஞ்சம் பீச்சி விடு, வலிக்கும்ல" என்றது. எனக்கும் மனசு கேட்கவில்லை, மூன்று நாள் அரை லிட்டர், அரை லிட்டராகப் பீச்சினேன். ஆறாம் நாள் பின் இடது காம்பு கல்லாகிவிட்டது, தொட்டால் உதைத்தாள், தீவனமும் எடுக்கவில்லை. வந்து பார்த்த மருத்துவர் சொல்லித்தான் புரிந்தது. மடிக்குள் பால் தேங்கி அழுத்தம் ஏறினால்தான் உடம்பு பால் சுரப்பதை நிறுத்தும். நான் பீச்சப் பீச்ச இன்னும் சுரக்கச் சொன்னது போல ஆனதோடு, உள்ளே ஏற்றிய மருந்தும் வெளியே வந்துவிட்டது, துளையை அடைக்க உருவாகி வந்த மெழுகு அடைப்பும் உடைந்துவிட்டது. அந்த ஈத்து முழுக்க அந்தக் காம்பில் பாதிப் பால்தான்.

அதனால் நான்கு பக்கமும் ஒரே மாதிரி வீங்கி, மாடு நன்றாகத் தின்று அசைபோட்டால் கையை வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் தளர ஆரம்பித்து மெல்ல மெல்லச் சுருங்கிவிடும். ஒரு காம்பு மட்டும் சூடாக, சிவந்து, கெட்டியாக இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தினமும் கண்ணால் பாருங்கள், பீச்சிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் கட்டியிருக்கும் கன்று எட்டி ஊட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் பீச்சுவது மாதிரிதான்.

மடி சுருங்கியதும் தீவனம். சுமார் 350 கிலோ இருக்கும் செவலைக்கு நான் கொடுத்தது நாளைக்கு 15 கிலோ கம்பு நேப்பியர், 5 கிலோ வைக்கோல், ஒரு கிலோ கலப்புத் தீவனம், அதில் 30 கிராம் தாது உப்பு. மாடு கொழுக்கவும் கூடாது, விலா எலும்பு துருத்தவும் கூடாது. கொழுத்த மாடு கன்று போடத் திணறும், போட்ட பிறகு தீவனமும் சரியாக எடுக்காது. மெலிந்திருந்தால் இந்த மாதத்திலேயே இன்னும் அரைக் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். கடைசி மூன்று வாரம் தீவனத்தை மெல்ல மெல்ல ஏற்றி, கன்று போடும்போது இரண்டரை மூன்று கிலோவில் நிறுத்தினேன். வயிற்றில் கன்று பெருத்து இடத்தை அடைப்பதால் புல் அதிகம் இறங்காது, பால் தொடங்கியதும் தின்ன வேண்டிய தீவனத்துக்கு வயிறும் பழக வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டார்கள், கடைசி மாதத்தில் கால்சியம் டானிக் ஊற்றலாமா என்று. வேண்டாம். கன்று போட்டதும் பாலுக்குத் திடீரென்று நிறையச் சுண்ணாம்புச் சத்து தேவைப்படும், அதை எலும்பில் இருந்து எடுக்க உடம்பு முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். நாம் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் வராது, கன்று போட்ட ஒன்றிரண்டு நாளில் காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்துவிடும். அதுதான் பால் காய்ச்சல், உடனே மருத்துவர் வர வேண்டும். கடைசி மூன்று வாரம் அகத்தி, வேலிமசால் மாதிரி சுண்ணாம்பு அதிகம் உள்ள தழைகளைக் குறையுங்கள், அந்த வாரங்களில் எந்தத் தாது உப்பு போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், டானிக்கைக் கன்று போட்ட பிறகு கொடுங்கள். மடி நீர் கோத்து வீங்கும் மாட்டுக்குக் கல்லுப்பையும் குறைக்க வேண்டும்.

இன்னொருவர் மாடு தேதிக்கு 20 நாள் முன்பே கன்று போட்டுவிட்டது. மருந்துக் குழல் உறையில் இத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று போட்டிருக்கும், அந்தக் கணக்கு முடியாமல் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். அந்த உறையை நான் ஊசிச் சீட்டோடு சேர்த்துத் தொழுவத்து உத்திரத்தில் செருகி வைத்திருக்கிறேன்.