டிகிரி வரிசை ஒன்றுதான், ஆனால் கிராஃப் வேறு

பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளின் குழாய் வரைபடங்களில் ஒரே அமைப்பு இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்க, ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை குழாய்கள் சேர்கின்றன என்ற டிகிரி வரிசையை மட்டும் ஒப்பிடும் நிரல் எழுதியிருந்தேன். அது நல்ல வரைபடம் ஒன்றை அழித்துவிட்டது.

இரண்டிலும் 6 சந்திப்புகள், 9 குழாய்கள், வரிசை 3,3,3,3,3,3. ஒன்றில் இரண்டு முக்கோணங்கள், முனைக்கு முனை இணைந்தவை. மற்றதில் மூன்று சந்திப்புகள் எதிரே இருக்கும் மூன்றோடும் இணைந்திருந்தன, அதில் முக்கோணமே கிடையாது. பக்கத்துச் சந்திப்புகளின் டிகிரியைச் சேர்த்துப் பார்த்தேன், எல்லாமே 3 என்பதால் அதுவும் பிரிக்கவில்லை.

அப்புறம் முக்கோணங்களை எண்ண வைத்தேன், 2க்கு 0 என்று உடனே பிரிந்தது. எண்ணிக்கை வேறானால் கிராஃபும் கட்டாயம் வேறு. ஒத்துப்போனாலோ எதுவும் உறுதியில்லை, அதனால் இப்போது இரண்டு கிராஃபும் ஒரே அமைப்பா என்று முழுமையாகச் சோதிக்கும் NetworkX-இன் `nx.is_isomorphic(G, H)` சரி என்றால்தான் நீக்குகிறேன்.